பதினாறு கிழமை ஓட்டப் பயிற்சி: மணித்தியாலக் கணக்கை வீட்டில் எப்படிப் பார்ப்பது

1500 மீற்றருக்குப் புதிதாக வந்திருக்கும் 13, 14 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை எழுதுகிறேன். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஓட வேண்டும் என்ற கணக்கை எழுதுங்கள். முதல் மூன்று கிழமையும் 3 மணித்தியாலம், நான்காவது 2. ஐந்திலிருந்து ஏழு வரை 4, எட்டாவது 3. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை 5, பன்னிரண்டாவது மூன்றரை. பதின்மூன்றும் பதினான்கும் திரும்ப 5, பதினைந்தாவது மூன்றரை, போட்டி வரும் பதினாறாவது கிழமை 2 மட்டும். நான்கு, எட்டு, பன்னிரண்டில் குறைவதைப் பார்த்து "சேர் ஏன் விட்டுட்டார்" என்று கேட்காதீர்கள், அதுவரை ஓடியதற்கு எலும்பும் தசையும் பழகுவது அந்தக் கிழமையில்தான்.

அடுத்து, ஒவ்வொரு நாளும் ஓடியதைக் குறியுங்கள். ஒன்பதாவது கிழமையை எடுத்தால் செவ்வாயும் வியாழனும் ஒன்றேகால் மணி, சனி ஒன்றரை, ஞாயிறு தோட்டத்து ரோட்டில் ஒரு மணி மெதுஓட்டம், மொத்தம் 5. மெதுஓட்டம் என்றால் பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் முழு வசனம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. பாடசாலையில் எல்லேயோ கிரிக்கெட்டோ விளையாடினால் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்து, அந்தளவுக்கு ஞாயிறு ஓட்டத்தைக் குறையுங்கள்.

செவ்வாய்க்கிழமை மேட்டு ஓட்டம், 30 செக்கன் வீதம் எட்டுத் தடவை. ஏறும்போது ஓடலாம், இறங்கும்போது நடந்துதான் வர வேண்டும். நம்ம ஊரில் எந்த ரோட்டைப் பிடித்தாலும் இறக்கம்தான், அதில் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடி வருவதில்தான் கால் அடி வாங்குகிறது.

போன வருஷம் ஒரு பையன் எனக்குத் தெரியாமல் காலையில் அண்ணனோடு சேர்ந்து லயத்துக்கும் கீழ் ரோட்டுக்கும் தினமும் ஓடியிருக்கிறான், நான் 4 மணித்தியாலம் என்று நினைத்துக்கொண்டிருக்க அவன் 7 ஓடிக்கொண்டிருந்தான். ஆறாவது கிழமை நொண்டிக்கொண்டு வந்தான். கெண்டைக்காலின் முன் எலும்பில், உள்பக்கம், விரலால் அழுத்தியபோது ஒரே இடத்தில் துள்ளினான். தசை நோவு பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். இப்படி ஒரு புள்ளியில் எலும்பு வலித்தால், அதுவும் ராத்திரியில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். தைலம் பூசிச் சமாளிக்கிற வலி இல்லை இது. அவனுக்கு ஆறு கிழமை ஓட்டமே இல்லாமல் போனது.

அப்புறம், சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ கொடுக்க வேண்டாம். கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும், மாதவிலக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு அது இன்னும் முக்கியம். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

கடைசிக் கிழமையில் பிள்ளை "கால் துறுதுறு என்கிறது, இன்னொரு ரவுண்ட் ஓடுறேன்" என்று கேட்கும். விடாதீர்கள். புதுச் சப்பாத்தும் அந்தக் கிழமையில் வேண்டாம், வாங்குவதென்றால் பன்னிரண்டாவது கிழமைக்குள் வாங்கிவிடுங்கள்.