வழிகாட்டிப் பலகையை வரிசை மாறாமல் எழுத்தில் எடுப்பது எப்படி?

சாலையோர வழிகாட்டிப் பலகைகளின் படங்கள் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. தேட வேண்டுமானால் அவற்றில் உள்ளவை எழுத்தாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயர்களைத் தட்டச்சு செய்வது எளிய வேலை. எந்த அம்பு எந்த ஊருக்கு உரியது என்பதைக் குழப்பமில்லாமல் எழுதுவதில்தான் சிக்கல். எனக்கு ஒத்துவந்த முறையை இங்கே தருகிறேன்.

படம் எடுப்பதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இரவில் ஃபிளாஷைப் போடாதீர்கள். பலகையின் பரப்பு, விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தன்மை கொண்டது. ஃபிளாஷ் பட்டால் எழுத்து முழுவதும் வெள்ளையாகிவிடும்.

முதல் படி: பலகையைப் பகுதிகளாகப் பிரியுங்கள்

எழுதத் தொடங்கும் முன் பலகையில் எத்தனை அம்புகள் உள்ளன என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஓர் அம்புக்கு ஒரு பகுதி. ஒரு பகுதியில் இரண்டு, மூன்று ஊர்கள் இருக்கலாம்.

நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் படியில்தான். மூன்று ஊர்களுக்கு ஒரே அம்பு இருக்கும்போது அது பெரும்பாலும் நடு வரிக்கு நேராக நிற்கும். பார்த்தபடியே எழுதினால் நடு ஊருக்கு மட்டும் அம்பு கிடைக்கும். மேலும் கீழும் உள்ள ஊர்கள் திசையில்லாமல் நிற்கும். ஓர் அம்பு எதுவரை ஆளுகிறது என்பதைக் கண்டுபிடிக்க மூன்று தடயங்கள் உண்டு. முதலாவது, பகுதிகளுக்கு இடையே வரும் குறுக்குக்கோடு. கோடு இல்லையென்றால் வரிகளுக்கு இடையேயுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரே அம்புக்கு உரிய ஊர்கள் நெருக்கமாகவும், அடுத்த அம்பின் ஊர்கள் சற்று விலகியும் இருக்கும். மூன்றாவது அம்பின் உயரம். இரண்டு வரி உயரத்துக்கு நீண்ட அம்பு இரண்டு வரிக்கும் சேர்த்தே வரையப்பட்டது.

இன்னொரு சிக்கல், அம்பு நிற்கும் பக்கம். பல நாடுகளின் பலகைகளில் நேர், இடது அம்புகள் வரியின் இடது ஓரத்திலும், வலது அம்பு வலது ஓரத்திலும் இருக்கும். இதை அப்படியே எழுதினால் சில வரிகள் அம்பில் தொடங்கும், சில அம்பில் முடியும். பிறகு பட்டியலில் தேட முடியாது. வரிசையைத் தொடாதீர்கள். அம்பை மட்டும் எப்போதும் ஒரே பத்தியில் வையுங்கள். அம்பு எந்த ஓரத்தில் இருந்தது என்பது அதன் திசையிலிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஐந்து பத்திகளில் எழுதுங்கள்

வரி எண், பகுதி எண், அம்பு, ஊர், தொலைவு. இடையே செங்குத்துக் கோடு போடுங்கள். வெற்றிடம் விட்டு நேராக்குவது எனக்குப் பிடிக்காது. இணையப் பக்கத்தில் ஒட்டினால் அந்த வெற்றிடங்கள் சுருங்கி எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மாதிரிப் பலகையை எடுத்துக்கொள்வோம். பெயர்களும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. மேல் பகுதியில் நேர் அம்பு, அதற்கு மேலக்கரை, செம்மண்ணூர் என்ற இரண்டு ஊர்கள். நடுவில் இடது அம்பு, ஒரே ஊர். கீழ்ப் பகுதியின் வலது ஓரத்தில் ஓர் அம்பு, அதற்கு மூன்று வரிகள்.

```
1 | 1 | ↑ | மேலக்கரை | 18
2 | 1 | ↑ | செம்மண்ணூர் | 46
3 | 2 | ← | மணற்குடி | 7
4 | 3 | → | ஆற்றூர் | 29
5 | 3 | → | பாறைப்பட்டி | 3
6 | 3 | → | ரயில் நிலையம் |
```

நான்காவது, ஐந்தாவது வரிகளைப் பாருங்கள். 29 மேலே, 3 கீழே. அருகில் உள்ள ஊரை முதலில் வைக்கக் கை துடிக்கும். மாற்றாதீர்கள். பலகை அமைத்தவர் பெரிய ஊரை மேலே வைத்திருக்கலாம், அல்லது பாறைப்பட்டி பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம். வரிசையைக் கலைத்துவிட்டால் அந்தச் செய்தி போய்விடும். தொலைவுப்படி வேண்டுமானால் நகல் எடுத்து அதை அடுக்கிக்கொள்ளுங்கள். வரி எண் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பழைய வரிசைக்குத் திரும்பலாம்.

ஆறாவது வரியில் தொலைவு காலி. பலகையில் எண் இல்லை என்பதே அதன் பொருள். அங்கே 0 போட்டால் ரயில் நிலையம் அந்த இடத்திலேயே இருக்கிறது என்று ஆகிவிடும். எண் இருந்து, அழிந்துபோயிருந்தால் [?] என்று எழுதுங்கள். வரைபடத்தில் அளந்து நிரப்ப வேண்டாம். பலகையின் எண் ஊரின் மையம் வரை இருக்கலாம், எல்லை வரையும் இருக்கலாம். உங்கள் அளவோடு அது ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

எழுத்துக்கூட்டலும் பலகையில் உள்ளபடியே இருக்கட்டும். பிழை என்று பட்டால் தனிக் குறிப்பாக எழுதுங்கள். ஒரே ஊர் இரண்டு மொழிகளில் இரண்டு வரிகளாக இருந்தால் அதை ஒரே வரியாக, இடையே சாய்கோடு இட்டு எழுதுங்கள். இல்லையென்றால் ஊர்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும்.

சாலைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் பலகைகளில் கீழ்நோக்கிய அம்பு வரும். அது எந்தத் தடத்தில் செல்ல வேண்டும் என்று காட்டுகிறது. நேராகப் போகும் வழிதானே என்று ↑ ஆக மாற்றாமல் ↓ என்றே வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எண்ணிச் சரிபாருங்கள்

எழுதியதைக் கீழிருந்து மேலாகப் படத்தோடு ஒப்பிடுங்கள். பழகிய வரிசையில் படித்தால் கண் தாண்டிப் போய்விடும். பிறகு எண்ணுங்கள். மாதிரியில், பகுதிக்கு ஒன்றாகக் கணக்கிட்டால் 3 அம்புகள், 6 பெயர்கள், 5 எண்கள். படத்திலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். அம்புகளின் எண்ணிக்கையும் பகுதி எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், ஒவ்வொரு வரிக்கும் தனி அம்பு உள்ள பலகையா என்று பாருங்கள். அப்படியில்லை என்றால் தவறு முதல் படியில்தான் இருக்கும்.

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நான் கையால் எழுதுவதையே விரும்புகிறேன். ஆறு வரிக்கு அதுவே வேகம். அத்தகைய மென்பொருள் பெயர்களை ஒரு பத்தியாகவும் எண்களை வேறொரு பத்தியாகவும் பிரித்துப் படித்துவிடக்கூடும். ரயில் நிலையம் போல ஒரு வரியில் எண் இல்லாதபோது எந்த எண் எந்த ஊருக்கு என்பது தெரியாமல் போய்விடும். அம்புகளை எழுத்தாகவோ குப்பையாகவோ காட்டும். நிறையப் பலகைகள் இருந்து டெசராக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், பலகையை மட்டும் வெட்டியெடுத்து, முழுவதையும் ஒரே தொகுதியாகப் படிக்கச் சொல்லுங்கள்:

```
tesseract palagai.jpg out -l tam --psm 6
```

அம்புகளைப் பிறகு நீங்களே இட வேண்டும்.

பிற்சேர்க்கை

வாசகர் ஒருவர், தேடினால் பாதி அம்புகள் கிடைக்கவில்லை என்று எழுதினார். அவர் சிலவற்றைக் கைபேசியின் எமோஜிப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார். எமோஜி ➡ வேறு குறி, சாதாரண → வேறு குறி. முதலாவது U+27A1, இரண்டாவது U+2192. நான்கு திசைகளுக்கும் U+2190 முதல் U+2193 வரை உள்ளவற்றையே பயன்படுத்துங்கள். சாய்ந்த அம்புகளுக்கு U+2196 முதல் U+2199 வரை. இவை சில கைபேசிகளில் வண்ணப் படமாகத் தெரிந்தாலும் குறி மாறுவதில்லை.

மைல் கணக்குப் பலகைகளை எழுதும் இன்னொருவருக்கு, அரை மைலுக்கு 1/2 என்று இட்டதும் விரிதாள் அதைத் தேதியாக மாற்றிவிட்டது. தொலைவுப் பத்தியை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு எழுதுங்கள். ஏற்கெனவே தேதியாகிப்போன கட்டங்களில் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அலகைத் தொலைவோடு ஒட்டாமல், பலகைக்கு ஒருமுறை மேலே குறித்தால் போதும்.