நேர்முகத் தேர்வில் கூடுதல் நேரமோ தரைத்தள அறையோ வேண்டுமா? அழைப்பு மெயிலுக்கே பதில் போடுங்கள்

ஆன்லைன் டெஸ்ட் லிங்க்கைத் திறப்பதற்கு முன்பே, அழைப்பு வந்த அதே மெயிலுக்குப் பதிலாக, என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று உங்கள் தேவையைக் குறிப்பாக எழுதிவிடுங்கள். உதாரணமாக: "எனக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. 60 நிமிடத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதலாக வேண்டும். புதுச்சேரி அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு முதல் மாடியில் என்றால், லிஃப்ட் உண்டா? இல்லையென்றால் தரைத்தள அறை ஒதுக்க முடியுமா? லிங்க்கைத் திறக்கும் முன் பதில் தெரிந்தால் நல்லது."

பெரும்பாலான ஆன்லைன் தேர்வுகளில் லிங்க்கைத் திறந்து தொடங்கியதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு நேரத்தைக் கூட்டுவது ஹெச்ஆருக்கும் சிரமம். "கொஞ்சம் உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் எதை ஏற்பாடு செய்வது என்று அவருக்குப் புரியாது, ஆனால் குறிப்பாக எழுதியதை அப்படியே மேலே அனுப்பிவிடலாம். 20 நிமிடம் என்பதும் சும்மா சொன்னதில்லை. தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்பது மத்திய அரசின் எழுத்துத் தேர்வு வழிகாட்டுதலில் உள்ள அளவு. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாவிட்டாலும், கேட்பதற்கு நல்ல அடிப்படை. மருத்துவ விவரம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை, சான்று கேட்டால் யூடிஐடி அட்டை நகல் போதும்.

அரசுத் தேர்வுகளுக்கு இந்த வழி உதவாது. அங்கே விண்ணப்பப் படிவத்திலேயே குறிப்பிட வேண்டும். கடலூர் சிப்காட் பக்கம் நடக்கும் வாக்-இன்களுக்கு மெயில் வராது என்பதால், முந்தின நாளே விளம்பரத்திலுள்ள எண்ணுக்குப் பேசி, வாசலில் எத்தனை படி என்றும் கேட்டுவிடுங்கள்.