கண்காட்சி அறிமுக வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுறது: க்ளோசப்ல கவனிக்க வேண்டியது

ஒரு சின்ன கண்காட்சிக்கு, வாசல் பக்கத்துல திரும்பத் திரும்ப ஓடுற மூணு நிமிஷ வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். கேமரா, எடிட்டிங் பத்தி இங்க சொல்லல, எழுதுற வேலை மட்டும்தான்.

முதல்ல ரெண்டு பத்தி இருக்கிற டேபிள் போட்டுக்கோங்க, ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியுறது, இன்னொரு பக்கம் காதுல கேக்குறது. கூகுள் டாக்ஸே போதும். சினிமா ஸ்கிரிப்ட் ஆப் எதுவும் இதுக்கு எனக்குப் பிடிக்கல, அதுல வசனம் நடுவுல தனியா நிக்கும், படமும் குரலும் பக்கத்துல பக்கத்துல தெரியாது.

அடுத்தது நீளம். நிமிஷத்துக்கு 130 வார்த்தைன்னு இங்கிலீஷ் கைடுல படிச்சு அப்படியே எழுதினேன், வாசிச்சுப் பாத்தா மூணு நிமிஷம் அஞ்சை நெருங்கிடுச்சு. நம்ம வார்த்தை நீளம், "செதுக்கப்பட்டிருக்கிறது"ங்கிறது ஒரே வார்த்தை, ஆனா சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுது பாருங்க. அதனால வார்த்தைய எண்ணாதீங்க, மெதுவா சத்தமா வாசிச்சு போன்ல நேரம் பாருங்க, எனக்கு நிமிஷத்துக்கு எழுபது எண்பது வார்த்தைதான் நிதானமா வருது.

இப்போ க்ளோசப். நான் ரொம்ப நாள் மண்டைய உடைச்சுக்கிட்ட இடம் இதுதான். கண்காட்சியில ஒரு கல் முத்திரை இருந்துச்சு, அகலம் ரெண்டரை சென்டிமீட்டர். முதல் வெர்ஷன்ல நேரா அது திரை முழுக்க வர்ற மாதிரி எழுதிட்டேன், பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு. ஆனா திறந்த அன்னிக்கு ஒருத்தர் அந்த முத்திரை வச்சிருந்த கண்ணாடிப் பேழைக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு "வீடியோல வந்த அந்தப் பெரிய கல் எங்கங்க இருக்கு?"ன்னு கேட்டார். க்ளோசப்ல அளவு தெரியாது, ஒப்பிட்டுப் பாக்க வேற பொருள் கூட இல்லன்னா கண்ணு அதைப் பெருசாவே எடுத்துக்கும்.

அதனால வரிசைய மாத்தினேன். முதல்ல இடம், அப்புறம் அளவு, கடைசியா நுணுக்கம். மாத்தி எழுதினது இது:

காட்சி 1 (8 நொடி): பேழை முழுசா, ஒருத்தர் குனிஞ்சு பாக்குறார்.
குரல்: இரண்டாவது அறையின் நடுவில், இந்தச் சிறிய பேழையில் ஒரு முத்திரை இருக்கிறது.

காட்சி 2 (6 நொடி): கையுறை போட்ட உள்ளங்கையில முத்திரை.
குரல்: ஒரு நாணயத்தின் அளவுதான்.

காட்சி 3 (14 நொடி): முத்திரை திரை முழுக்க. வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து தாழ்வா.
குரல்: (5 நொடி அமைதி) இதிலுள்ள உருவம் இடப்பக்கம் பார்க்கிறது. களிமண்ணில் அழுத்தினால் வலப்பக்கம் திரும்பிவிடும்.

காட்சி 4 (8 நொடி): களிமண்ல விழுந்த பதிவு.
குரல்: செதுக்கியவர் இதைத் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் பார்ப்பதுபோல் நினைத்துச் செதுக்கியிருக்கிறார்.

அந்த அஞ்சு நொடி அமைதிய யார் கேட்டாலும் விட்டுக் கொடுக்காதீங்க. கண்ணு செதுக்கின கோடுகளைத் தேடிக்கிட்டு இருக்கும்போது குரல் வந்தா ரெண்டும் கெட்டுடும். "இது மிகவும் அழகான முத்திரை"ன்னு எல்லாம் எழுத வேண்டாம், அழகு திரையிலயே தெரியுது, பாத்தா தெரியாதத மட்டும் குரல் சொல்லட்டும், இங்க அது திசை திரும்புற விஷயம்.

வெளிச்சத்தையும் ஸ்கிரிப்ட்லயே எழுதிடுங்க. நேர் எதிர்ல இருந்து லைட் அடிச்சா செதுக்கல் தட்டையா போயிடும், பக்கவாட்டுல தாழ்வா அடிச்சா ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழுந்து எழும்பி நிக்கும். துணி, காகிதம்னா இன்னும் கவனம், அதையெல்லாம் சாதாரணமா 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சத்துலதான் வைப்பாங்க, அதுக்கு நீளமான ஷாட் எழுதுறதுக்கு முன்னாடி காப்பாளர்கிட்ட கேட்டுடுங்க. காட்சி 2ல வர்ற கையும் அங்க பொருளைக் கையாள்ற ஊழியரோட கைதான். வெளிய எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா, பேழைக்கு வெளிய கண்ணாடி ஓரமா ஒரு விரல் தெரியுற மாதிரி எழுதுங்க, அளவு புரிஞ்சிடும்.

பின்சேர்க்கை: வீடியோல அறைகளுக்கு வழி சொல்ற பகுதி பத்தி கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தார், "இடப்பக்கம் திரும்புங்கள்"னு எழுதினதால ஆளுங்க தப்பான அறைக்குப் போறாங்களாம். திரைய பாத்து நிக்கிறவருக்கு இடது, உள்ள நடந்து போறவருக்கு வலதா இருக்கலாம், திரைய இடம் மாத்தினா மொத்தமும் தப்பாயிடும். "நீலச் சுவரைத் தாண்டினால் முதல் அறை"ன்னு கண்ணுக்குத் தெரியுற அடையாளத்தை வச்சு எழுதுங்க, அதே நேரம் படத்துலயும் அந்தச் சுவர் வரட்டும். மூடுற நேரம், லிஃப்ட் இருக்கிற இடம் மாதிரி மாறக்கூடியது எதையும் குரல்ல வைக்காதீங்க, எழுத்தா போட்டா ஒரு கார்டு மாத்தினா போதும், குரல்னா திரும்ப ரெக்கார்டிங்.

இந்த வழி சொல்ற இருபது நொடிய நான் இப்போ வீடியோவோட கடைசியில வைக்கிறேன், ஏன்னா ஜனங்க பாதியில வந்து நிப்பாங்க, பாத்து முடிச்சதும் நேரா உள்ள நடப்பாங்க.