ஏகாதசி நாளைப் பிழையாகப் பிடிக்க வைக்கும் அந்த 3.30

திருகோணமலையில் எங்கள் வீட்டில் கலண்டரில் போயா நாளைப் பார்த்து நாலு நாள் பின்னோக்கி எண்ணித்தான் ஏகாதசியைத் தேடுவோம். பௌர்ணமி பதினைந்தாம் திதி என்பதால் கணக்குப் பெரும்பாலும் சரி வரும். அமாவாசைக்கும் அதே எண்ணிக்கைதான். ஆனால் திதி நீளலாம், குறையலாம். ஆகவே ஒரு நாள் தள்ளிப் போகவும் இடமுண்டு. எண்ணியதோடு நிறுத்தாமல் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

அங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. திங்கட்கிழமை வரியில் ‘தசமி 3.30, பின் ஏகாதசி’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் இதைப் பின்னேரம் மூன்றரை மணி என்று வாசிக்கிறார்கள். நாழிகையில் கணிக்கும் பஞ்சாங்கத்தில் அது சூரிய உதயத்திலிருந்து மூன்று நாழிகை முப்பது விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம். அதற்கு 60 விநாடி என்பதால் முப்பது விநாடி அரை நாழிகை. ஆக 84 நிமிடம். உதயம் 6 மணி என்றால் தசமி காலை 7.24க்கே முடிகிறது. ‘ஏகாதசி’ என்ற சொல் திங்கள் வரியில் இருக்கிறதே என்று அன்றைக்கே விரதம் பிடிப்பது அடுத்த பிழை. திங்கள் உதயத்தில் இருந்தது தசமி. செவ்வாய் வரியில் ‘ஏகாதசி 4.15’ என்றால் அன்று உதயத்தில் ஏகாதசி, 7.42 வரை. விரதம் செவ்வாய்க்கிழமை.

இதே திதிக்கு ரொறன்ரோவிலிருந்து அக்கா திங்கட்கிழமையே விரதம் என்பார். அவரும் பிழையில்லை. அங்கே நமக்குப் பிந்தித்தான் திங்கள் விடியும், அப்போது ஏகாதசி ஓடிக்கொண்டிருக்கும். அவர் அனுப்பும் வாட்ஸ்அப் தேதியை நாம் பின்பற்றுவதுதான் பிழை. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு வகைப் பஞ்சாங்கங்களுக்கும் சில மணி நேர வித்தியாசம் வரலாம். உங்கள் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே ஆண்டு முழுவதும் பாருங்கள்.

அப்புறம் குசினி. நாள் தெரிந்தால் திங்கட்கிழமை இரவே தோசைக்கு உளுந்தும் அரிசியும் ஊறப் போட மாட்டோம். மீன் மிஞ்சியிருந்தால் அன்று மத்தியானத்தோடு முடித்துவிடுவது நல்லது. இரவு இலகுவான மரக்கறிச் சாப்பாடு போதும். செவ்வாய்க்குப் பால், பழம், இளநீர், அவித்த வத்தாளங்கிழங்கு. மருந்து எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது. அவர்களுக்குக் கிழங்கும் பாலும் நேரத்துக்கு வேண்டும்.

எல்லோரும் கோட்டை விடுவது புதன்கிழமையில்தான். அன்று ‘துவாதசி 6.15’ என்றால் 150 நிமிடம், அதாவது காலை 8.30 வரைதான். விரதத்தை முடித்துச் சாப்பிடும் பாரணை அதற்குள் முடிய வேண்டும். வழக்கமாகப் பத்து மணிக்குச் சோறு வடிக்கும் வீடென்றால் அன்று பிந்திவிடும். நான் செவ்வாய் இரவே அகத்திக்கீரையை உருவி, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவேன். நெல்லிக்காயும் எடுத்து வைத்தாயிற்று. காலை ஆறரைக்கு அரிசி அடுப்பில் ஏறினால் ஏழரைக்கு இலை போட்டுவிடலாம்.