சாலையைக் கடக்க, முடிவைக் குழந்தை சொல்லட்டும்

குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நில்லுங்கள். "இப்போ போகலாமா?" என்று கேளுங்கள். வலது, இடது, மறுபடி வலது பார்த்துவிட்டு, என்ன வருகிறது என்று அது வாய்விட்டுச் சொல்லட்டும்: "ஆட்டோ வருது, நிக்கணும்." பதில் சரியென்றால் மட்டும் நடங்கள்.

சும்மா "பார்த்துப் போ" என்றால் பிள்ளைகள் தலையைத் திருப்புவார்கள், வண்டியைக் கவனிக்க மாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லும்போது எதைத் தவறவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது எதிர்த்திசையில் வரும் பைக்காகத்தான் இருக்கும்.

நான்கைந்து வயதில் ஒரே விதி போதும்: ஓரம் வந்தால் நிற்க வேண்டும், கை விடக்கூடாது. ஆறேழு வயதில் இந்தக் கேள்வியைத் தொடங்குங்கள். எட்டு வயதுக்கு மேல் எங்கே கடப்பது என்பதையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் ஏன் கடக்கக்கூடாது என்பதை அப்போது விளக்குங்கள்: முந்திவரும் வண்டிக்கு உங்களைத் தெரியாது.

தெருவிலும் சிறிய சாலையிலும்தான் இந்தப் பயிற்சி. நான்குவழிச் சாலையிலும் இருட்டிலும் மழையிலும் முடிவு உங்களுடையது. வண்டியின் வேகத்தைக் கணிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு வராது. பத்து வயது வரையாவது தனியாக அனுப்பாதீர்கள்.