பூனைக்கு மருந்து கொடுக்கும்போது: வாயை மூடிய பிறகு நடக்கும் தவறுகள்

கொக்குவிலில் எங்கள் வேலிக்கு அங்கால் இருக்கும் மாமியின் பூனைக்குத் தடிமன் பிடித்தது. மணி என்று பெயர், ஐந்து கிலோ எடையுள்ள கடுவன். கண்ணில் பீளை, நிற்காத தும்மல். மிருக வைத்தியர் பார்த்துவிட்டு டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் குளிசையில் பாதியை நாளுக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லி எழுதினார். மாமி கெட்டிக்காரி. மணி என்னதான் திமிறினாலும் வாயைத் திறந்து குளிசையைப் போட்டு மூடிவிடுவார். ஏழாம் நாள் தும்மல் போய்விட்டது. அதற்கடுத்த வாரம் அவர் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இவன் சாப்பிட்ட உடனே எல்லாத்தையும் வெளியில தள்ளுறான். பசிக்குது, ஓடிவந்து சாப்பிடுறான், ஆனா உள்ள இறங்குதில்லை."

போய்ப் பார்த்தேன். அது வாந்தி இல்லை. வாந்தி எடுக்கும் பூனைக்கு முதலில் வயிறு குலுங்கும், சத்தம் போடும், பிறகுதான் வெளியே வரும். மணி சாப்பிட்டு ஒரு நிமிடத்தில் கழுத்தை நீட்டி, எந்த முயற்சியும் இல்லாமல், மென்ற மீனை அப்படியே குழாய் வடிவில் கக்கியது. இது எதுக்களிப்பு. உணவு வயிற்றுக்குப் போகாமலேயே திரும்பி வருகிறது என்று அர்த்தம். மாமி மருந்தைச் சரியாகத்தான் போட்டிருந்தார். போட்ட பிறகு தண்ணி கொடுக்கவில்லை. தவறு அவ்வளவுதான்.

நாங்கள் குளிசை போட்டால் ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கிறோம், அதுவும் நிமிர்ந்து நின்றபடி. பூனையின் உணவுக்குழாய் தரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. ஒரு சிறு காய்ந்த குளிசையை அது விழுங்கினால், குளிசை தொண்டையைத் தாண்டிப் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணி இல்லாமல் கொடுத்த குளிசைகளைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஐந்து நிமிடம் கழிந்தும் பெரும்பாலானவை வயிற்றை அடையாமல் நின்றன. 6 மில்லி தண்ணி கொடுத்த பூனைகளில் ஓரிரு நிமிடத்திலேயே அவை இறங்கிவிட்டன. சாதாரணக் குளிசை நின்றால் கொஞ்சம் உறுத்தும், கரைந்து போகும். டொக்சிசைக்ளின் அப்படியல்ல. ஈரத்தில் கரையும்போது அது கடும் அமிலமாகிறது, நின்ற இடத்தைச் சுடுகிறது. பாதியாக உடைத்த குளிசைக்கு மேற்பூச்சும் கிடையாது. சுட்ட இடம் ஆறும்போது தழும்பு சுருங்கி, உணவுக்குழாய் ஒடுங்கிப்போகலாம். ஒடுங்கிவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, உள்ளே பலூன் விட்டு விரிக்கவேண்டி வரும், அதுவும் பெரும்பாலும் ஒரு தடவையோடு முடியாது. கிளிண்டமைசினும் இதே வகையில் ஆபத்தானது. அறிகுறிகள் மருந்து தொடங்கிச் சில நாளிலும் வரலாம், மருந்து முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தும் வரலாம். அதனால்தான் பலர் இரண்டையும் தொடுத்துப் பார்ப்பதில்லை. எச்சில் வடிதல், வெறும் வாயைத் திரும்பத் திரும்ப விழுங்குதல், சாப்பாட்டுக்கு ஓடிவந்து ஒரு வாய் கடித்துவிட்டு விலகுதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த குளிசையைப் போடாமல் வைத்தியரோடு கதையுங்கள்.

மணிக்கு அதிஷ்டம் இருந்தது. புண் மட்டுந்தான், குழாய் இன்னும் ஒடுங்கவில்லை. புண்ணுக்கு மேல் படையாகப் படியும் பாணி மருந்தும், கூழாக மசித்த சாப்பாடும் கொடுத்து மூன்று வாரத்தில் தேறியது. அந்தப் பாணியைக் கொடுக்கும்போதுதான் இரண்டாவது தவறு எட்டிப் பார்த்தது.

மாமி குளிசைக்குப் பிடித்த மாதிரியே மணியின் மூக்கை முகட்டைப் பார்க்க உயர்த்தி, சிரிஞ்சில் இருந்த மருந்தைத் தொண்டைக்குள் ஒரே அழுத்தாக அழுத்தப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். குளிசை போடும்போது மூக்கு மேலே இருக்கவேண்டும், ஏனென்றால் அப்போதுதான் கீழ்த்தாடை தளரும். தண்ணியாக எதைக் கொடுத்தாலும் மூக்கு நேராக, பூனை தன் கோப்பையில் குடிக்கும்போது இருக்கிற மட்டத்தில் இருக்கவேண்டும். தலையை அண்ணாக்க வைத்து ஊற்றினால் அது விழுங்க நேரமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எங்களுக்குப் புரைக்கேறினால் இருமித் தள்ளிவிடுவோம். வருத்தத்தில் சோர்ந்த பூனைக்கு அந்தப் பலம் இல்லை. நுரையீரலில் போன மருந்து நிமோனியாவாக மாறலாம்.

இனி முழுவதையும் ஒழுங்காகச் சொல்கிறேன். பூனையைத் தூக்குவதற்கு முன்பே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குளிசையை உடைத்து, கொஞ்சம் பட்டர் தடவி வையுங்கள். ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சில் தண்ணி நிரப்பி வையுங்கள். சூடை மீனை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்து, அந்தத் தண்ணியோடு ஒரு கரண்டி வைத்தால் இன்னும் நல்லது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே குழம்பில் கழுவி எடுத்த மீன் வேண்டாம். ரின் மீனும் உப்பு. அறைக் கதவைச் சாத்துங்கள். அலுமாரிக்குக் கீழே ஓடிய பூனையை இழுத்து எடுத்தபின் அன்றைக்கு மருந்து கொடுக்க முடியாது.

மெல்லிய துவாய் ஒன்றை நிலத்தில் விரித்து, பூனையை அதன் நடுவில் இருத்தி, ஒரு பக்கத்தை இறுக்கமாகக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றப் பக்கத்தால் மூடுங்கள். முன்னங்கால் இரண்டும் உள்ளே இருக்கவேண்டும், தலை மட்டும் வெளியே. கழுத்தடியில் ஒரு விரல் நுழையுமளவு தளர்வு தேவை. நீங்கள் முழங்காலிட்டு இருந்து, பூனை உங்களுக்கு முதுகு காட்டியபடி தொடைகளுக்கு இடையில் இருந்தால் அது பின்வாங்க இடமில்லை. பிடரியைப் பிடித்துத் தூக்குவது குட்டிக்குத் தாய்ப்பூனை செய்வது. வளர்ந்த பூனைக்கு அது வலியும் பயமும்தான், அடுத்த நாள் உங்களைக் கண்டாலே ஓடும். சித்திரை வெயிலில் துவாய்க்குள் நெடுநேரம் வைத்திருக்கவும் வேண்டாம். பூனை வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கினால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

இடது கையால் தலையை மேலிருந்து பிடியுங்கள். பெருவிரல் ஒரு கன்ன எலும்பில், நடுவிரல் மற்றக் கன்ன எலும்பில். மீசையை அழுத்தாதீர்கள். மூக்கை மெதுவாக உயர்த்துங்கள், வாய் தானாகவே கொஞ்சம் விடும். வலது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் குளிசை, நடுவிரல் கீழ்வாயின் முன்சிறு பற்களில். அழுத்தியதும் வாய் திறக்கும். நாக்கின் நடுவில், திட்டாக உயர்ந்து தெரியும் இடத்துக்குப் பின்னால் குளிசையைப் போடுங்கள். முன்னால் விழுந்தால் துப்பும். பக்கத்தில் விழுந்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நீங்கள் போன பிறகு கதிரைக்குக் கீழே துப்பும். வாயை மூடி, தலையைச் சாதாரண மட்டத்துக்கு இறக்குங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. துவாயை அவிழ்க்காமல், மூக்கு நேராக இருக்க, சிரிஞ்சைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் கடைவாய்ப் பக்கமாக நுழைத்து, நாக்குக்குக் குறுக்கே அரை மில்லி விடுங்கள். நாக்கு அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த அரை மில்லி. 5, 6 மில்லி கொடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஆகட்டும். மீன் தண்ணியைத் தானாக நக்கிக் குடிக்கும் பூனையென்றால் சிரிஞ்சே வேண்டாம். பாணி மருந்துக்கும் இதே முறைதான். இருமினால் நிறுத்தி, தலையைத் தாழவிடுங்கள். அரை மயக்கத்தில் கிடக்கும் பூனைக்கும் மூச்சு வாங்கும் பூனைக்கும் வாயால் எதுவுமே கொடுக்கக் கூடாது. புரைக்கேறியது என்று சந்தேகமிருந்தால், அடுத்த இரண்டு நாளும் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருப்பதுதான் வழமை. 40ஐத் தாண்டினாலோ வாயால் மூச்சு விட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீடுகளில் இன்னொரு வழக்கம், பால்மா கரைத்த பாலில் குளிசையைப் பொடித்துப் போடுவது. டொக்சிசைக்ளின் பாலிலுள்ள கல்சியத்தோடு பிணைந்துவிடும், உடம்பில் போதியளவு சேராது. மற்றக் குளிசைகளையும் கேளாமல் பொடிக்காதீர்கள். மெட்ரோனிடசோல் போன்றவற்றைப் பொடித்தால் கசப்பு தாங்காமல் பூனை நுரையாக எச்சில் வடிக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது கசப்புத்தான், நஞ்சல்ல. பயத்தில் இன்னொரு முறை கொடுக்கக் கூடாது, எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. கசந்த சாப்பாட்டைப் பூனை மறக்காது. வருத்தக்காரப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து, முதல் வருத்தத்தைவிட மோசமாகலாம்.

காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாணிதானே என்று அன்போடுதான் கொடுக்கிறார்கள். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் இல்லாத குறைதான். ஒரு குளிசையே கொல்லப் போதும். முரசு மண்ணிறமாகவோ நீலமாகவோ மாறினால், முகம் வீங்கினால், அந்த நிமிடமே கொண்டு ஓடுங்கள். கொடுத்தது தெரிந்தால் அறிகுறிக்காகவும் காத்திருக்காதீர்கள்.

இரண்டு தடவை முயன்றும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அரை மணித்தியாலம் பிந்திய குளிசையால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, மூன்றாவது போராட்டத்தில்தான் கடி விழுகிறது. நாளாந்தம் இதே கதையென்றால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, பாணியாகவோ வேறு மருந்தாகவோ மாற்றலாமா என்று கேளுங்கள். கடித்துவிட்டால் சிறு துளைதானே என்று விடவேண்டாம். பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும், மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். ஓடும் தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று அங்கே தீர்மானிப்பார்கள், பூனைக்கு ஊசி போட்ட அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.