நோம்பி வாழ்த்து குழுவை அடைக்காமல் இருக்க

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தால் பொங்கலன்று காலையில் வாழ்த்துப் படங்கள் குவிந்து, மஞ்சள் மண்டி எப்போது திறக்கும் என்ற செய்தி அடியில் போய்விடும். அதனால் அட்மின்கள் முந்தின நாள் இரவே குழு அமைப்புக்குள் போய், அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு வாழ்த்து. வந்த படத்தைத் தள்ளிவிடாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், ஏனென்றால் ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறியைப் பார்த்ததுமே பாதிப் பேர் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். இப்படி: “எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துங்க. நாளைக்குக் காலை 6 மணிக்கு மாரியம்மன் கோயில் வாசல்ல பொங்கல் வைக்கறோம். பால் சொசைட்டி காலைல மட்டுந்தானுங்க. பதில் வாழ்த்துக்கு இதுக்குக் கீழயே ஒரு ❤️ போட்டாப் போதுங்க.” அந்த வாழ்த்து 24 மணி நேரம் குழுவின் மேலேயே நிற்கும்படி ‘Pin’ செய்துவிடுங்கள், தேட வேண்டியதில்லை.

ஆனால் குழு பூட்டியிருக்கும்போது துக்கச் செய்தி, ரத்தம் தேவை என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு அட்மின்களின் எண்ணை வாழ்த்தின் கடைசி வரியிலேயே கொடுங்கள். பட்டிப்பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் மறக்காமல் திறந்துவிடுங்கள்.